சார்ட்டில் பிடித்த விலை என் கணக்கில் ஏன் பிடிக்கவில்லை: எஃப்விஜி, ஓடர் புளொக் அனுபவம்

என் மனைவியின் தம்பி போன வாரம் கோல் எடுத்து, "அத்தான், உப்புவெளியில ஸ்மார்ட் மணி வகுப்பு ஒண்டு தொடங்குதாம், சேரட்டோ?" என்று கேட்டான். பெரிய வங்கிகளின் காசு போகிற வழியை விலைச் சார்ட்டில் படித்து, வெளிநாட்டு நாணயங்களை இணையத்தில் வாங்கி விற்கக் கற்பிக்கிற வகுப்பு அது. சேராதே என்று ஒரு வரியில் சொன்னால் அவன் வேறு யாரிடமாவது கேட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் எனக்கு நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நான் சேர்ந்த காலத்தில் இப்படி உட்கார்த்தி வைத்துச் சொல்ல எனக்குத் திருமலையில் ஒருவரும் இருக்கவில்லை. அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் கணக்கு எழுதுகிறவன். மே முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டுக்காரர் வந்துபோவார்கள், கையில் காசு புழங்கும். வாடை தொடங்கினால் அறைகள் காலி, எங்கள் வருமானமும் பாதியாகிவிடும். அப்படி ஒரு வாடைக்காலத்தில்தான், பின்னேரங்களில் வீட்டிலிருந்தே டொலரில் உழைக்கலாம் என்று ஒரு நண்பர் அந்த வகுப்புக்குக் கூட்டிப்போனார். கட்டணம் 40,000 ரூபா. லண்டன் சந்தை எங்கள் நேரத்துக்கு மத்தியானம் பன்னிரண்டரை அல்லது ஒன்றரைக்குத் திறக்கும், நியூயோர்க் பின்னேரம் சூடு பிடிக்கும். வேலைக்குப் போய்வருகிற எங்களுக்கென்றே அமைந்த நேரம் போலத்தான் இருந்தது.

வகுப்பில் கற்பித்தது முழுவதும் இரண்டு கருத்துகளைச் சுற்றியே இருந்தது. முதலாவது ஃபெயார் வேல்யூ கெப், சுருக்கமாக எஃப்விஜி. சார்ட்டில் குறிப்பிட்ட நேரத்துக்குள் விலை போன உச்சத்தையும் அடியையும் காட்டுகிற கோல்தான் கேண்டில். அடுத்தடுத்து மூன்று கேண்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் கேண்டில் பலமாக மேலே போயிருக்கிறது. மூன்றாவது கேண்டிலின் அடி விலை, முதலாவது கேண்டிலின் உச்ச விலையையும் விட மேலே நின்றால், அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வெளிதான் எஃப்விஜி. விலை அவசரத்தில் அந்த இடத்தைச் சரியாக வியாபாரம் செய்யாமல் தாண்டிவிட்டது, ஆகவே திரும்பி வந்து நிரப்பும் என்பது பாடம். இரண்டாவது ஓடர் புளொக். பலமான ஏற்றம் தொடங்குவதற்கு முன் கடைசியாக இறங்கி முடிந்த கேண்டில் அது. அதில் வங்கிகளின் நிறைவேறாத ஓடர்கள் மிச்சம் இருக்கும், விலை அங்கே திரும்பி வந்தால் அவை மறுபடி தூக்கிவிடும் என்று சொன்னார்கள். இறக்கத்துக்கு எல்லாமே தலைகீழ். இந்தச் சொற்களை உலகெங்கும் பரப்பியவர் ஐசிடி என்ற பெயரில் இணையத்தில் கற்பிக்கும் அமெரிக்கரான மைக்கேல் ஹடில்ஸ்டன். எங்கள் சேரும் அவருடைய காணொளிகளைப் பார்த்துத்தான் படித்திருந்தார்.

பழைய சார்ட்டைப் போட்டு சேர் பெட்டி கீறிக் காட்டும்போது உடம்பு சிலிர்க்கும். விலை வந்து பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு அப்படியே மேலே பறக்கும். ஒன்றல்ல, பக்கம் பக்கமாக. அத்தனை வருடமும் மறைந்திருந்த ஒன்றை எனக்கு மட்டும் காட்டிவிட்டார்கள் என்ற உணர்வு வந்தது உண்மை. வீட்டுக் கூரைத் தகடு மாற்ற வைத்திருந்த சீட்டுக் காசில் 150,000 ரூபாவை டொலராக்கிக் கணக்கில் போட்டேன்.

நான் விதியை மீறி விளையாடியவன் அல்ல. தொழில் கணக்கு எழுதுவது என்பதால் ஒவ்வொரு ட்ரேடையும் கொப்பியில் எழுதினேன். ஒரு ட்ரேடுக்குக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பணயம் வைக்கவில்லை. நட்டம் ஒரு எல்லையைத் தொட்டதும் ட்ரேடைத் தானாக மூடிவிடும் ஸ்டொப் லொஸ் இல்லாமல் ஒரு நாளும் நுழையவில்லை. அப்படியிருந்தும் கணக்கு மெல்ல மெல்லத் தேய்ந்தது. ஒரேயடியாகப் போயிருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். இது தேய்மானம், காரணமும் பிடிபடவில்லை. இரவில் படுத்தால் கண்ணுக்குள் கேண்டில்தான் நிற்கும்.

காரணம் பிடிபட்டது ஒரே ஒரு ட்ரேடில். அதை எண்களோடு சொல்கிறேன், ஏனென்றால் முழு விசயமும் அதற்குள் இருக்கிறது.

EURUSD, அதாவது டொலரில் யூரோவின் விலை, 15 நிமிடச் சார்ட். முதல் கேண்டில் சின்ன இறக்கம்: உச்சம் 1.0838, அடி 1.0829. அடுத்தது பெரிய ஏற்றம், 1.0858இல் மூடியது. மூன்றாவதின் அடி 1.0848, உச்சம் 1.0866. ஆகவே 1.0838இலிருந்து 1.0848 வரை பத்துப் பிப் எஃப்விஜி. பிப் என்பது இந்த விலையின் நாலாவது தசம இடத்தில் ஒன்று. அதற்கு நேர் கீழே 1.0829 முதல் 1.0838 வரை ஓடர் புளொக். எஃப்விஜியும் ஓடர் புளொக்கும் ஒட்டியிருந்தால் அதுதான் உயர்தர இடம் என்பது வகுப்பின் பாடம். விலை இறங்கி வந்தால் 1.0838இல் வாங்கச் சொல்லும் பை லிமிட் ஓடர், 1.0828இல் ஸ்டொப், 1.0868இல் இலக்கு. பத்துப் பிப் பணயத்துக்கு முப்பது பிப் லாபம், ஒன்றுக்கு மூன்று.

விலை இறங்கி வந்தது. எஃப்விஜியை முழுவதும் நிரப்பியது. சார்ட்டில் அடி 1.08375 வரை தெரிந்தது, அதாவது என் விலைக்கும் அரைப் பிப் கீழே. பிறகு நேராக மேலே போய் 1.0868ஐத் தாண்டியது. பாடப் புத்தகத்தில் போடக்கூடிய ட்ரேட். என் ஓடரோ நிறைவேறாமல் அப்படியே கிடந்தது.

புரோக்கர் ஏமாற்றுகிறார் என்றுதான் முதலில் கொதித்தேன். சேரிடம் ஸ்கிரீன்ஷொட் அனுப்பினேன். "அடுத்த முறை கொஞ்சம் மேலே போடுங்கோ, அவசரப்படாதேங்கோ, உங்கட சைக்கொலஜிதான் பிரச்சினை" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. பிறகு நான் ட்ரேட் செய்யும் MT5 என்ற மென்பொருளில் F8 அழுத்தி, ஆஸ்க் விலைக் கோட்டையும் காட்டும் தெரிவைப் போட்டுப் பார்த்தேன். Ctrl+U அழுத்தி, Ticks என்ற பகுதியில் அந்த நேரத்து விலைகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். விடை அங்கே இருந்தது.

MT4, MT5 இரண்டும் சார்ட்டை பிட் விலையில்தான் வரைகின்றன. பிட் என்பது நாம் விற்கிற விலை. நாம் வாங்குவது ஆஸ்க் விலையில், அது பிட்டை விட ஸ்ப்ரெட் அளவுக்கு மேலே நிற்கும். என் கணக்கில் அந்த நேரம் ஸ்ப்ரெட் 1.2 பிப். ஆகவே 1.0838இல் வாங்க வேண்டுமென்றால் சார்ட்டில் தெரியும் விலை 1.08368 வரை இறங்க வேண்டும். அது 1.08375இல் திரும்பிவிட்டது. ஒரு பிப்பும் இல்லாத வித்தியாசம். புரோக்கர் பக்கம் எந்தத் தவறும் இருக்கவில்லை.

இதில் என்ன பெரிய விசயம், ஒரு ட்ரேட் தவறிப்போனது அவ்வளவுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கொப்பியைத் திருப்பிப் பார்க்கும் வரைக்கும். விளிம்பைத் தொட்டுவிட்டு உடனே பறக்கிற ட்ரேட்தானே எங்களுக்கு வேண்டிய அழகான வெற்றி? லிமிட் ஓடருக்குள் வராமல் தவறிப்போவது அந்த வகைதான். பெட்டியை உடைத்துக்கொண்டு கீழே போகிற ட்ரேட் ஒன்றுகூடத் தவறுவதில்லை, ஏனென்றால் ஸ்டொப்புக்குப் போகிற விலை என் நுழைவு விலையைக் கடந்துதான் போக வேண்டும். தோல்விகள் முழுவதும் கணக்கில் ஏறும், வெற்றிகளில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். பழைய சார்ட்டில் பெட்டி கீறி எண்ணும்போதோ, விளிம்பைத் தொட்ட எல்லாமே வெற்றி என்று எண்ணப்படுகிறது. சேர் காட்டிய வெற்றி வீதத்துக்கும் என் கொப்பியின் வெற்றி வீதத்துக்கும் இடையில் இருந்த பள்ளத்தில் ஒரு நல்ல பகுதி இதுதான்.

விற்கும் ட்ரேடில் இதே சங்கதி மறுபக்கம் வரும். செல் லிமிட் சார்ட்டில் தெரிவது போலவே நிறைவேறும், ஆனால் அதன் ஸ்டொப் ஆஸ்க் விலையில் தட்டப்படும். சார்ட்டில் விலை ஸ்டொப்பைத் தொடவே இல்லை, ஆனால் ட்ரேட் மூடப்பட்டிருக்கும். "லிக்விடிட்டி எடுத்திட்டாங்கள்", அதாவது பெரிய ஆட்கள் எங்கள் ஸ்டொப்பைத் தட்டிவிட்டார்கள் என்று குரூப்பில் எழுதுகிற பல ஸ்கிரீன்ஷொட்டுகள் இந்த வகை. இரவு ட்ரேடைத் திறந்து விட்டுவிட்டுப் படுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். நியூயோர்க்கில் பின்னேரம் ஐந்து மணி என்பது எங்களுக்கு அவர்களுடைய கோடையில் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. வங்கி நாள் மாறுகிற அந்த நேரத்தில் சந்தையில் ஆள் குறைவு, ஸ்ப்ரெட் பல மடங்கு விரியும். பத்துப் பிப் ஸ்டொப் அதற்குள் காணாமல் போகும்.

அடுத்ததாக நான் கேட்ட கேள்வி இது: விலை எங்கே போகும் என்று ஒன்றுமே தெரியாத ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு இதே அளவில் ட்ரேட் எடுத்தால் அவனுக்கு எவ்வளவு கிடைக்கும்? இதை வகுப்பில் ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. கணக்கு மிகவும் எளிது. விலை எந்தப் பக்கமும் சாயாமல் அலைகிறது என்று வைத்துக்கொண்டால், முப்பது பிப் இலக்கை பத்துப் பிப் ஸ்டொப்புக்கு முதல் தொடுவதற்கான வாய்ப்பு நாற்பதில் பத்து, அதாவது நூற்றுக்கு 25. நாலு ட்ரேடில் ஒன்று வெல்லும், மூன்று தோற்கும், வரவும் செலவும் சமம். இப்போது ஸ்ப்ரெட்டைச் சேருங்கள். என் ஓடர் நிறைவேறும் கணத்தில் பிட் ஏற்கெனவே 1.08368இல் நிற்கிறது. ஸ்டொப்புக்கு 8.8 பிப், இலக்குக்கு 31.2 பிப். வாய்ப்பு நாற்பதில் 8.8, நூற்றுக்கு 22. சராசரியாக ஒரு ட்ரேடுக்கு 1.2 பிப் நட்டம், அதாவது பணயத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் கிட்ட.

என் கொப்பியில் வெற்றி வீதம் இந்த 22க்குப் பக்கத்தில்தான் நின்றது. பார்த்ததும் கை குளிர்ந்துபோனது. அத்தனை இரவு விழித்திருந்து, பெட்டி பெட்டியாகக் கீறி, கண்ணை மூடிக்கொண்டு எடுப்பவன் எடுக்கிறதைத்தான் நானும் எடுத்திருக்கிறேன்.

இதிலிருந்து உடனே பயன்படுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வகுப்புகளில் ஸ்னைப்பர் என்ட்ரி என்று ஒன்றைப் பெரிதாகக் கொண்டாடுவார்கள். 15 நிமிடச் சார்ட்டில் ஓடர் புளொக்கைக் கண்டுபிடித்து, 1 நிமிடச் சார்ட்டுக்கு இறங்கி, அதற்குள் இன்னொரு சின்ன எஃப்விஜியைப் பிடித்து, ஐந்து பிப் ஸ்டொப்போடு நுழைவது. பணயம் குறைவு என்று சொல்வார்கள். ஆனால் ஸ்ப்ரெட் அதே 1.2 பிப்தான். பத்துப் பிப் ஸ்டொப்பில் அது பணயத்தில் நூற்றுக்கு 12 என்றால், ஐந்து பிப் ஸ்டொப்பில் 24. கணக்கில் ஒரு வீதம் பணயம் வைப்பவர், கையில் எந்தத் திறமையும் இல்லையென்றால், நூறு ட்ரேடில் முதலாவது முறையில் ஏறத்தாழ 12 வீதத்தையும், இரண்டாவது முறையில் 24 வீதத்தையும் ஸ்ப்ரெட்டுக்கு மட்டுமே கொடுப்பார். ஸ்டொப்பைச் சின்னதாக்கச் சின்னதாக்க, எஃப்விஜி இன்னும் எவ்வளவோ கெட்டித்தனமாக வேலை செய்தால்தான் சமப்படும். உங்கள் புரோக்கரின் ஸ்ப்ரெட்டை, நீங்கள் ட்ரேட் செய்யும் அதே நேரத்தில் பார்த்து, ஸ்டொப்பால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு வகுப்புக்குக் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

தொடர் தோல்விதான் மனிதனை உடைக்கிறது. 22 வீதம் வெல்கிற முறையில், எந்த இடத்திலிருந்து எண்ணினாலும் அடுத்த பத்து ட்ரேடும் தோற்பதற்கு நூற்றுக்கு எட்டு வாய்ப்பு இருக்கிறது. கொஞ்சக் காலம் ட்ரேட் செய்தால் அது வந்தே தீரும். அது எனக்கு வந்தபோது சேர் மறுபடியும் மனநிலை, பொறுமை என்றார். அந்த வார்த்தைகளை நான் நம்பினேன். மனைவியிடம் சொல்லி, அவளுடைய காப்பை அடகு வைத்து 120,000 ரூபா கொண்டுவந்து போட்டேன். "நீங்கள் இரவிரவாக இருந்து படிக்கிறீங்கள், சரி வரும்" என்று கழற்றித் தந்தாள். கடைசியில் கணக்கிலிருந்து மீண்டது 35,000 ரூபா. வகுப்புக் காசோடு பார்த்தால் 275,000 போய்விட்டது. அடகு வட்டி அதற்கு மேல். காப்பைத் திருப்பியது அடுத்த சீசன் சம்பளத்தில். கூரைக்கு அந்த மாரியும் தறப்பாள்தான்.

காசு போன பிறகுதான் ஆறுதலாக இருந்து, இந்தப் பெட்டிகள் உண்மையிலேயே சந்தையில் இருக்கின்றனவா, அல்லது சார்ட் வரைகிற முறையில் இருக்கின்றனவா என்று பார்த்தேன். MT5இல் 15 நிமிடம் மட்டுமல்ல, M12, M20 என்ற கால அளவுகளும் இலவசமாகவே இருக்கின்றன. நான் எஃப்விஜி கீறிய அதே நாளை M12இல் திறந்தேன். பல பெட்டிகளைக் காணவில்லை, வேறு இடங்களில் புதியவை முளைத்திருந்தன. விலை போன பாதை ஒன்றுதான். அதை வெட்டுகிற கத்தரிக்கோல் மட்டும் மாறியது.

4 மணி நேரச் சார்ட்டில் இதற்குக் கால அளவை மாற்றக்கூட வேண்டியதில்லை, புரோக்கரை மாற்றினால் போதும், ஏனென்றால் கேண்டில்கள் அவருடைய சேவரின் கடிகாரப்படிதான் வெட்டப்படுகின்றன. அமெரிக்கக் கோடையில் அவர்களுடைய முக்கிய பொருளாதாரத் தரவுகள் பல வெளிவருவது எங்கள் நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு. கிரீன்விச் நேரத்தில் ஓடும் சேவரில் அந்தத் துள்ளல் எங்கள் நேரம் 5.30இலிருந்து 9.30 வரையான கேண்டிலுக்குள் விழும். பல புரோக்கர்கள் வைத்திருக்கும் மூன்று மணி நேரம் முன்னால் ஓடும் சேவரில் அதே துள்ளல் 2.30இலிருந்து 6.30 வரையான கேண்டிலில் அரை மணி நேரமும், மிச்சம் அடுத்ததிலும் பிரிந்து விழும். ஒன்றில் பளிச்சென்ற எஃப்விஜி, மற்றதில் ஒன்றுமே இல்லாமல் போகலாம். ஓடர் புளொக்காக வேறொரு கேண்டில் வந்து நிற்கும். ஒரு வங்கி உண்மையில் அங்கே ஓடரை விட்டுவைத்திருந்தால், அது என் புரோக்கரின் கடிகாரத்தைப் பார்த்தா விட்டுவைத்திருக்கும்? நீங்கள் கீறும் பெட்டி பக்கத்துக் கால அளவிலும், வேறொரு புரோக்கரின் சார்ட்டிலும் ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காததை வைத்துக் காசு போடாதீர்கள்.

"வியாபாரம் நடக்காத இடம்" என்ற விளக்கத்தையும் இப்படியே பார்க்கலாம். என் உதாரணத்தில் 1.0838க்கும் 1.0848க்கும் இடையில் நடுக் கேண்டில் முழுவதும் நடந்துதான் போயிருக்கிறது. அதை 1 நிமிடச் சார்ட்டில் விரித்துப் பார்த்தால், ஏறி இறங்கி, அதே விலையில் பல நிமிடம் நின்று போன நாட்களும் உண்டு. சனி ஞாயிறு முடிந்து திங்கள் திறக்கும்போது வருகிற உண்மையான வெற்றிடம் வேறு, இது வேறு.

இன்னொரு பரிசோதனையை விடுதிக் கணினியிலேயே செய்தேன். எக்செல்லில் ஒரு எண்ணைப் போட்டு, கீழே வரும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்தச் சூத்திரத்தை இழுத்துவிட்டேன்:

```
=A1+NORM.S.INV(RAND())
```

ஒவ்வொரு வரியும் ஒரு நிமிடம் என்று வைத்து, பதினைந்து வரிக்கு ஒரு கேண்டிலாகக் கட்டினேன். இதில் வங்கியும் இல்லை, ஸ்மார்ட் மணியும் இல்லை, வெறும் குருட்டு அதிர்ஷ்டம். எஃப்விஜிகள் வந்தன. ஓடர் புளொக்குகள் வந்தன. விலை திரும்பி வந்து பெட்டியைத் தொட்டுவிட்டு அழகாகப் போன இடங்களும் வந்தன. வகுப்பில் என்னோடு படித்த ஒருவருக்கு, எந்த நாணயச் சோடி என்று சொல்லாமல் படத்தை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பெட்டிகள் கீறி, எங்கே வாங்க வேண்டும் என்றும் குறித்து அனுப்பினார். "எஃப்விஜி பெரும்பாலும் நிரம்பும்" என்ற வாக்கியம் உண்மைதான், ஆனால் அது எதையும் நிரூபிக்கவில்லை. பக்கத்தில் உள்ள எந்த விலையையும், நேர எல்லை வைக்காமல் காத்திருந்தால், அலைகிற விலை திரும்ப வந்து தொடும். தொட்ட பிறகு ஸ்டொப்புக்கு முதல் இலக்கை அடைகிறதா என்பதுதான் காசு.

ஆனாலும் குருட்டுச் சார்ட்டோடு மட்டும் ஒப்பிட்டு முறையைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. உண்மைச் சந்தை ஒரே சீராக அலைவதில்லை. லண்டன் திறக்கும்போது வேகம் கூடும், ஜப்பான் மத்தியானத்தில் தூங்கும். அதனால் உண்மைச் சார்ட்டிலேயே ஒரு ஒப்பீடு செய்தேன். ஒவ்வொரு எஃப்விஜிக்கும், அதே மணி நேரத்தில், விலையிலிருந்து அதே தூரத்தில், ஆனால் பெட்டி எதுவும் இல்லாத ஒரு இடத்தை வேறொரு நாளில் எடுத்து, அதே ஸ்டொப், அதே இலக்கு வைத்து, ஆஸ்க் விலையைக் கணக்கில் எடுத்து எழுதினேன். பெட்டி உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையில் ஸ்ப்ரெட்டைத் தாண்டி நிற்கக்கூடிய வித்தியாசம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் பார்த்தது ஒரே ஒரு சோடி, சில மாதங்கள். தங்கத்திலோ பங்குச் சுட்டெண்ணிலோ வேறு மாதிரி இருக்கலாம். அப்படிச் சொல்பவர் இதே மாதிரி ஒப்பிட்டுக் காட்டினால் நான் மகிழ்ச்சியோடு பார்ப்பேன்.

இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இந்தப் பாடமே இடம் தருவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் கோபம். ஓடர் புளொக் உடைந்தால் அது பிரேக்கர் புளொக் ஆகிவிடும், இப்போது மறுபக்கம் ட்ரேட் எடுக்கலாம். எஃப்விஜி உடைந்தால் இன்வேர்ஷன் எஃப்விஜி. ஸ்டொப் தட்டினால் லிக்விடிட்டி ஸ்வீப். எந்தப் பக்கம் போனாலும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. முடிந்த சார்ட்டில் எல்லாவற்றுக்கும் விளக்கம் வரும், ஓடுகிற சார்ட்டில் எதைத் தெரிவு செய்வது என்று வராது. ஒரே ஏற்றத்துக்குப் பின்னால் மூன்று நான்கு ஓடர் புளொக்குகள் கிடக்கும். பிடித்தது எது என்று பின்னால்தான் தெரியும். அதனால் யாராவது உங்களுக்குக் கற்பிக்கிறார் என்றால், விலை அங்கே வருவதற்கு முன்பே அவர் கீறிய பெட்டியை நேரத்தோடு சேமித்து வையுங்கள், உடைந்த பெட்டிகளையும் சேர்த்து. எங்கள் குரூப்பில் உடைந்தவை மறுநாள் அழிக்கப்பட்டிருக்கும்.

வங்கிக் கதையில் எவ்வளவு உண்மை என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேச தீர்ப்பனவு வங்கியின் 2022 கணக்கெடுப்பின்படி உலக நாணயச் சந்தையில் அப்போது ஒரு நாளைக்கு 7.5 ட்ரில்லியன் டொலர் புரண்டது. இதற்கு ஒரு மைய ஓடர் புத்தகம் கிடையாது. வங்கிகள் ஒருவரோடொருவரும், பல தளங்களிலும் தனித்தனியாக வியாபாரம் செய்கின்றன. பெரிய ஓடரைத் துண்டு துண்டாக வெட்டி மணித்தியாலக் கணக்கில் கணினிகள் நிறைவேற்றுகின்றன. 15 நிமிடக் கேண்டில் ஒன்றுக்குள் பாதியை வாங்கிவிட்டு மீதியை அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதை சார்ட்டிலிருந்து யாராலும் காண முடியாது. MT5 காட்டுகிற வொலியூமும் விலை எத்தனை தடவை மாறியது என்ற எண்ணிக்கைதான், எவ்வளவு காசு புரண்டது என்பதல்ல. உண்மையான வொலியூம் வேண்டுமென்றால் சிக்காகோவின் CME பரிவர்த்தனையில் உள்ள யூரோ ஃபியூச்சர்ஸைப் பார்க்க வேண்டும்.

அதே நேரம், ஸ்டொப்புகள் ஓரிடத்தில் குவியும் என்ற பகுதிக்கு ஆதாரம் இருக்கிறது. நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த கெரல் ஓஸ்லர் என்ற பொருளியலாளர் ஒரு பெரிய வங்கியின் உண்மையான ஓடர்களையே எடுத்து ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார். லாபம் எடுக்கும் ஓடர்கள் 1.0800 போன்ற முழு எண்களிலேயே குவிகின்றன, ஸ்டொப் ஓடர்கள் அந்த எண்ணுக்குச் சற்று அப்பால் குவிகின்றன. அதனால் விலை முழு எண்ணில் திரும்புவதும், தாண்டினால் வேகமெடுப்பதும் நடக்கிறது. எஃப்விஜியின் கருவும் முற்றிலும் புதியதல்ல. சிக்காகோவில் பீட்டர் ஸ்டைடில்மேயர் 1980களில் கொண்டுவந்த மார்க்கெட் புரொஃபைல் முறையில், விலை ஒரே வீச்சில் கடந்துபோன இடங்களைத் தனியாகக் குறிப்பார்கள். பெரிய கேண்டில் என்பது அந்த நேரத்தில் வாங்குபவரும் விற்பவரும் சமமாக இல்லை என்று சொல்கிறது, அது உண்மை. அதற்கு மேல், இந்த விலையில் இத்தனை பிப்புக்குள் திரும்பும் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

காசு போடுகிற வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் பலரைப் போல முன்பின் தெரியாத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு ரூபா போட்டு டொலர் வாங்கினேன். இலங்கையில் வெளிநாட்டு நாணயத்தை வாங்கி விற்க அனுமதி பெற்ற வங்கிகள் போன்றவற்றுக்குத்தான் உரிமை, 2017இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் அதைச் சொல்கிறது. இடையில் காசு சிக்கிக்கொண்டால் எந்தக் கதவைத் தட்டுவது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மீதி 35,000 கைக்கு வரும் வரை இருந்த அந்த நாட்களின் பயம், ட்ரேடில் தோற்ற பயத்தை விடப் பெரிது.

இப்போதும் பின்னேரங்களில் சார்ட் பார்க்கிறேன், உண்மைக் காசு போடாத டெமோ கணக்கில். பெட்டி கீறுவதை விடவில்லை, ஆனால் அதை நுழைவதற்கான விலையாகப் பயன்படுத்துவதில்லை, என் எண்ணம் எந்த இடத்தில் பிழையாகிப்போகும் என்று குறிப்பதற்கு மட்டும். மைத்துனனுக்கு என் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். அவனையும் ஒரு கொப்பி வாங்கி ஐந்து நிரல் போடச் சொன்னேன்: பெட்டியைக் கீறிய நேரம், அந்த நேரத்து ஸ்ப்ரெட், ஓடர் நிறைவேறியதா, முதலில் தொட்டது ஸ்டொப்பா இலக்கா, பெட்டி இல்லாத இடத்தில் அதே ட்ரேட் என்னவாகியிருக்கும். வகுப்புக் காசைக் கட்டுவதற்கு முதல், டெமோவில் அந்தக் கொப்பியை நிரப்பிக்கொண்டு வா, இரண்டு பேரும் இருந்து கூட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.